வாடகை பாக்கியைத் தவணையில் தீர்க்க ஒரு கடிதம்

வாடகை மூன்று மாதம் நின்றுபோனால் வீட்டு ஓனரின் மனத்தில் ஓடுவது பழைய பாக்கி மட்டுமல்ல. "அடுத்த மாதமாவது ஒழுங்காக வருமா?" என்பதுதான் அவருடைய பெரிய கவலை. அதனால் பாக்கியைச் சம தவணைகளில் கட்டுவதாக எழுதும் கடிதத்தில் முதல் வாக்கு நடப்பு வாடகைக்கு. பாக்கிக்கான வாக்கு அடுத்தது. இந்த வரிசை மாறினால், ஒரு பக்கம் பாக்கி குறையக் குறைய இன்னொரு பக்கம் புதுப் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

ஒரு கணக்கை வைத்தே பார்ப்போம். சென்னை அம்பத்தூரில் ஒரு மாடி வீடு. வாடகை ரூ.9,000, தண்ணீர் மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் ரூ.400. அந்தந்த மாதம் 5ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். அட்வான்ஸ் ரூ.27,000. குடியிருப்பவர் வேலை பார்த்த கடைசல் பட்டறை பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டது. மே மாதம் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். முதல் சம்பளம் ஜூன் 7ஆம் தேதி கைக்கு வரும். கீழ்வீட்டில் இருக்கும் ஓனர் அம்மாவுக்கு இந்த வாடகைதான் மாதச் செலவுக்கான வருமானம்.

1. பாக்கி எவ்வளவு என்று மாதவாரியாக எழுதுங்கள்

மொத்தமாக "மூணு மாச பாக்கி" என்று எழுதினால் இரண்டு பேர் மனத்திலும் இரண்டு தொகை இருக்கும். மார்ச்சில் ரூ.4,400 கொடுத்தாயிற்று, மீதி ரூ.5,000. ஏப்ரல் ரூ.9,400, மே ரூ.9,400. ஆக ரூ.23,800. ஏப்ரலில் மோட்டார் பழுதானபோது, "நீங்களே பார்த்துடுங்க, வாடகையில கழிச்சுக்கலாம்" என்று ஓனர் அம்மா சொன்னதால் ரூ.1,000 செலவானது. அதைக் கழித்தால் நிகரப் பாக்கி ரூ.22,800. கழிவு எதுவாக இருந்தாலும் பில்லைக் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பிறகே கடிதத்தில் சேர்க்க வேண்டும். தாமதத்துக்கு வட்டி உண்டா என்று வாடகை ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இந்த எண்ணில் கவனம் தேவைப்படுவதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. வாடகை பாக்கிக்கு வழக்குப் போடக் காலவரம்பு மூன்று ஆண்டு. பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டு, அந்த வரம்பு முடிவதற்குள் கையெழுத்திட்டுக் கொடுத்தால், கையெழுத்திட்ட நாளிலிருந்து அந்த மூன்று ஆண்டு புதிதாக ஓடத் தொடங்கும் என்கிறது 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம். உங்கள் கடிதம் அப்படி ஓர் ஒப்புதல்தான். கூடுதலான தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு அதை மறுப்பது கடினம்.

2. தவணையை வருமானத்திலிருந்து கணக்கிடுங்கள்

முதலில் "எத்தனை மாதத்தில் தீர்ப்பது?" என்று யோசிப்பவர்கள் சீக்கிரம் முடிக்கும் ஆசையில் பெரிய தவணையைச் சொல்லிவிடுகிறார்கள். மாதா மாதம் என்ன மிஞ்சும் என்று முதலில் பார்க்க வேண்டும். இந்த வீட்டில் அவருடைய சம்பளம் ரூ.24,000, மனைவியின் தையல் வருமானம் சுமார் ரூ.5,000. ஆக ரூ.29,000. நடப்பு வாடகை 9,400, மளிகை, காய்கறி, பால் 8,500, பிள்ளைகளின் பள்ளி வேன் 2,000, கரண்ட் பில்லும் கேஸும் 1,300, பைக் தவணையும் பெட்ரோலும் 2,800. செலவு ரூ.24,000 போக ரூ.5,000 மிஞ்சும்.

அந்த ஐயாயிரத்தையும் தவணையாகச் சொல்லக் கூடாது. பாக்கியை ஐந்தாகப் பிரித்தால் தவணை ரூ.4,560, கையில் நிற்பது ரூ.440. பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் அந்த மாதத் தவணை தவறிவிடும். ஆறாகப் பிரித்தால் ரூ.3,800, கையில் ரூ.1,200 நிற்கும். எட்டாகப் பிரித்தால் ரூ.2,850, நமக்கு இன்னும் எளிது, ஆனால் ஓனர் அம்மா அடுத்த ஆண்டு ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். ஆறு தவணை இரண்டு பக்கமும் தாங்கும். சரிசமமாக வகுபடுவதால் கடைசித் தவணையில் சில்லறைக் குழப்பமும் இல்லை.

3. நோட்டீஸ் வருமுன் எழுதுங்கள்

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி, இரண்டு மாத வாடகை பாக்கி இருந்து, கேட்பு நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் முழுவதையும் கட்டாவிட்டால், வீட்டைக் காலி செய்யக் கோரி ஓனர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த ஒரு மாதத்துக்குள் பாக்கியையும் வட்டியையும் ஓனரிடம் கொடுத்துவிட்டால், அல்லது நீதிமன்றத்தில் செலுத்திவிட்டால், அந்தக் காரணத்துக்காகக் காலி செய்யச் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு முழுத் தொகை வேண்டும். "தவணையில் தருகிறேன்" என்று நீங்கள் மட்டும் எழுதிக் கொடுப்பது இந்தக் கெடுவை நிறுத்தாது. ஓனர் சம்மதித்து எழுதிக் கொடுத்தால்தான் உங்கள் கையில் ஒரு பிடிமானம் இருக்கும். அதனால்தான் நோட்டீஸுக்கு முன்பே, மே 20ஆம் தேதி வாக்கில், கடிதம் போய்ச் சேர வேண்டும்.

4. கடிதம்

முதலில் நேரில் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கொடுப்பதே மரியாதை. கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். வேலை போனதற்கு ஒரு வாக்கியம் போதும். வீட்டுக் கஷ்டங்களை அடுக்கினால், அவர் பார்க்க வேண்டிய தேதியும் தொகையும் அதற்குள் மறைந்துபோகும்.

> பொருள்: வாடகை பாக்கி ரூ.22,800ஐ ஆறு சம தவணைகளில் செலுத்தச் சம்மதம் வேண்டுதல்.
>
> மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,
>
> வணக்கம். உங்கள் வீட்டின் முதல் மாடியில் குடியிருக்கிறேன். பிப்ரவரி இறுதியில் வேலை போனதால் வாடகையை முழுமையாகக் கொடுக்க முடியவில்லை. பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. இப்போது வேறு கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். சம்பளம் மாதம் 7ஆம் தேதி வரும்.
>
> இன்றைய பாக்கி: மார்ச் ரூ.5,000, ஏப்ரல் ரூ.9,400, மே ரூ.9,400. மோட்டார் பழுதுக்கு நீங்கள் கழித்துக்கொள்ளச் சொன்ன ரூ.1,000 போக நிகரப் பாக்கி ரூ.22,800.
>
> ஜூன் முதல் அந்தந்த மாத வாடகை ரூ.9,400ஐ அந்த மாதமே முழுமையாகக் கொடுத்துவிடுவேன். அதோடு பாக்கியில் மாதம் ரூ.3,800 வீதம், ஜூன் 10 முதல் நவம்பர் 10 வரை ஆறு தவணைகளில் செலுத்துகிறேன். இந்த ஆறு மாதத்துக்கு மட்டும் வாடகைத் தேதியையும் 5க்குப் பதிலாக 10 என்று வைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டுகிறேன்.
>
> தவணை முடிவதற்குள் வீட்டைக் காலி செய்ய நேர்ந்தால், அன்று மீதமிருக்கும் பாக்கியை அட்வான்ஸ் தொகையில் கழித்துக்கொள்ளலாம். தவணைகள் ஒழுங்காக வரும்வரை இந்தப் பாக்கிக்குத் தனி வட்டியோ வேறு நடவடிக்கையோ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.
>
> சம்மதமானால் இதன் நகலில் கையெழுத்திட்டுத் தருமாறு வேண்டுகிறேன்.

அட்வான்ஸ் பற்றிய வரி இங்கே முக்கியமானது. "பாக்கியை அட்வான்ஸிலேயே கழிச்சுக்குங்க" என்று இப்போதே கேட்டால் ஓனருக்குப் பிடிக்காது. காலி செய்யும் நாளில் பெயின்ட் செலவுக்கும் கரண்ட் பாக்கிக்கும் அவர் நம்பியிருப்பது அதைத்தான். காலி செய்தால் மட்டும் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதும்போது, பாக்கி முழுவதும் அட்வான்ஸுக்குள் அடங்குகிறது என்பது அவருக்குத் தெரியும். அட்வான்ஸும் அப்படியே இருக்கும்.

5. சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்

இரண்டு பிரதி எடுத்து, உங்களுடையதில் "சம்மதம்" என்று எழுதி, தேதியோடு ஓனரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அவர் ஆறு தவணை வேண்டாம், நான்கு போதும் என்பது போல ஏதாவது மாற்றம் கேட்டால், உங்கள் மிச்சக் கணக்கை மறுபடி பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். நான்கு தவணை என்றால் மாதம் ரூ.5,700, இந்தக் குடும்பத்தால் முடியாது. அதற்குப் பதில் தையல் வேலை கூடும் தீபாவளி மாதத்தில் ஒரு தவணையை முன்கூட்டியே தருவதாகச் சொல்லலாம். ஓனர் வெளியூரில் இருந்தால் கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அதன் படத்தை வாட்ஸப்பிலும் அனுப்புங்கள். அங்கே அவர் "சரி" என்று அனுப்பும் பதிலை அழித்துவிடாதீர்கள்.

6. வாடகை தனி, தவணை தனி

மாதம் ரூ.13,200ஐ ஒரே தொகையாக அனுப்புவது சுலபம்தான். ஆனாலும் இரண்டாக அனுப்புங்கள்: ரூ.9,400 "ஜூன் வாடகை" என்ற குறிப்போடு, ரூ.3,800 "பாக்கி 1/6" என்ற குறிப்போடு. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, பல கடன் உள்ளவர் எந்தக் கடனுக்குப் பணம் கொடுக்கிறார் என்று சொல்லிக் கொடுத்தால், வாங்குபவர் அதற்கே வரவு வைக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால், எதில் வரவு வைப்பது என்பது வாங்குபவர் விருப்பம். குறிப்பில்லாத ஜூன் பணத்தை ஓனர் மார்ச், ஏப்ரல் பாக்கியில் வரவு வைத்தால், ஜூன் வாடகை கட்டவில்லை என்று கணக்கில் நிற்கும். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீதிலும் இதையே எழுதி வாங்குங்கள். வாடகைக்கு ரசீது கேட்பது உங்கள் உரிமை.

7. தவணை ஆட்டம் காணும்போது

தவணைக்காகக் கைமாற்று வாங்குவதும் நகையை அடகு வைப்பதும் முதல் அறிகுறி. தவணைத் தொகை உங்கள் வருமானத்துக்கு மீறியது என்று அர்த்தம். பணம் குறையும் மாதத்தில் நடப்பு வாடகையை முழுதாகக் கட்டிவிட்டு, தவணையில் முடிந்ததை மட்டும் கொடுங்கள். உதாரணமாக ஆகஸ்டில் ரூ.2,000தான் முடியும் என்றால், 10ஆம் தேதிக்கு முன்பே, "இம்மாதத் தவணையில் மீதி ரூ.1,800ஐ செப்டம்பர், அக்டோபரில் ரூ.900 வீதம் சேர்த்துத் தருகிறேன்" என்று எழுதி அனுப்புங்கள். அந்த இரண்டு மாதமும் தவணை ரூ.4,700 ஆகும், ஐயாயிரம் மிச்சத்துக்குள் அது அடங்குகிறது, ஆனால் கையில் நிற்பது ரூ.300தான். நடப்பு வாடகையே தொடர்ந்து இரண்டு மாதம் தள்ளிப்போனால், தவணையை மாற்றி எழுதுவதால் மட்டும் பயனில்லை. சின்ன வீட்டுக்கு மாறுவதைப் பற்றி ஓனரிடம் வெளிப்படையாகப் பேச வேண்டிய நேரம் அது.

ஆறாவது தவணையைக் கொடுத்ததும், சம்மதம் வாங்கிய அதே பிரதியின் கீழே "மார்ச் முதல் மே வரையிலான பாக்கி முழுவதும் வரவாயிற்று" என்று தேதியோடு எழுதி, ஓனரின் கையெழுத்தை வாங்குங்கள். வீட்டைக் காலி செய்து அட்வான்ஸைத் திரும்பப் பெறும் நாள்வரை அந்தத் தாள் வாடகை ஒப்பந்தத்தோடு சேர்ந்தே இருக்கட்டும்.