டயாலிசிஸ் நோயாளியின் கால்: குடைச்சல் வேறு, இழுப்பு வேறு

டயாலிசிஸ் செய்துகொள்பவர் "ராத்திரியெல்லாம் கால் தொல்லை, தூக்கமே இல்லை" என்றால், வீட்டில் தைலம் தேய்ப்பார்கள். இல்லையென்றால் ஒரு தூக்க மாத்திரை கேட்பார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கால் வலிக்கிறதா, இல்லை சும்மா வைத்திருக்க முடியவில்லையா?

கெண்டைக்கால் கல்லாகச் சுருண்டு உயிர் போகிற மாதிரி இழுத்தால் அது தசைப்பிடிப்பு. பெரும்பாலும் டயாலிசிஸின் கடைசி ஒரு மணி நேரத்திலோ, வீடு திரும்பிய அன்று இரவிலோ வரும். குடைச்சல் அப்படியல்ல. வலி என்று சொல்லத் தெரியாது. உள்ளே ஏதோ ஊர்வதுபோல இருக்கும். உட்கார்ந்தாலோ படுத்தாலோ கூடும், எழுந்து நடந்தால் உடனே குறையும், பொழுது சாய்ந்தபின் மோசமாகும். காரணம் வேறு என்பதால் மருந்தும் வேறு.

இழுப்புக்கு முக்கியக் காரணம், உடம்பில் சேர்ந்த நீரை மெஷின் வேகமாக எடுப்பது. ஒருவரின் டிரை வெயிட் 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் நீர் சேர்ந்து 64 கிலோவுடன் வருகிறார். 4 லிட்டரை 4 மணி நேரத்தில் எடுத்தால், மணிக்கு 1 லிட்டர். மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 13 மில்லி என்ற அளவைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பரவலான வழிமுறை. இவருக்கு அது 780 மில்லிதான். அந்த வேகத்தில் 4 லிட்டர் எடுக்க 5 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே நேரத்தை நீட்டுவதா, இடையில் ஒரு நாள் கூடுதலாக வருவதா என்று டாக்டரிடம் பேச வேண்டும். இழுக்கும்போது டெக்னீஷியனிடம் உடனே சொல்லுங்கள். நீர் எடுப்பதை அவர் நிறுத்திவைப்பார், தேவையானால் சலைன் கொடுப்பார். கூடவே பாதத்தின் முன்பகுதியை முழங்காலை நோக்கி மடக்கிப் பிடித்தால் தசை இளகும்.

வீட்டில் செய்ய வேண்டியது தண்ணீரை அளப்பதைவிட உப்பைக் குறைப்பதுதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு உள்ளே போனால் தாகம் கேட்கும். தாகத்தை யாராலும் அடக்க முடியாது. நீர் அதிகம் சேராமலேயே இழுப்பு வருகிறதா? பசி திரும்பி உடம்பில் சதை பிடித்திருக்கலாம். பழைய டிரை வெயிட்டையே வைத்து நீரைக் கூடுதலாக எடுத்துக்கொண்டிருக்கலாம். அந்த எண்ணை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

இனி குடைச்சல். சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம் இது மற்றவர்களைவிட அதிகம். மூளையில் இரும்புச்சத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளும் செயல்படும் விதத்தோடு இது தொடர்புடையது. அதனால் ஹீமோகுளோபினோடு நிற்காமல் பெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் சோதனைகளையும் பார்க்க வேண்டும். இரும்பு குறைந்திருந்தால் டயாலிசிஸின்போதே ஊசி வழியாக ஏற்றலாம். பலருக்குக் கால் அடங்கும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது மாத்திரைகளைப் பற்றி. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அரிப்பும் குமட்டலும் சகஜம். அரிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிரமின் போன்ற தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகளும், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடும் கால் குடைச்சலைத் தூண்டக்கூடியவை. மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் அப்படியே. தூங்கட்டும் என்று அரிப்பு மாத்திரையைப் போடுகிறோம்; அதே மாத்திரை இரவு முழுக்க நடக்க வைக்கிறது. மாற்று மருந்துகள் இருக்கின்றன. நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

குடைச்சலுக்கு கபாபென்டின் நன்றாக வேலை செய்யும். ஆனால் அது சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் மருந்து. சிறுநீரகம் ஓய்ந்தவரின் உடம்பில் தேங்கிவிடும். அதனால் பெரும்பாலும் 100 மில்லிகிராமில் ஆரம்பித்து, டயாலிசிஸ் முடிந்தபின் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நரம்பு வலிக்குச் சாப்பிடும் அளவு இவருக்கு ஆபத்து. பகலிலும் அடங்காத மயக்கம், நடையில் தள்ளாட்டம், கை வெட்டி வெட்டி இழுப்பது, பேச்சில் குழப்பம் தெரிந்தால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கால் அடங்கியும் தூக்கம் வரவில்லையென்றால் இரண்டைக் கவனியுங்கள். மெஷினில் படுத்திருக்கும்போது தூங்கிவிடுவது இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும். அந்த நேரத்தில் டாக்டர் அனுமதித்தால் படுத்தபடியே காலால் மிதிக்கும் பயிற்சி செய்யலாம், குடைச்சலுக்கும் அது நல்லது. இன்னொன்று, பலத்த குறட்டையும் நடுவே மூச்சு நின்று திணறுவதும். இதைக் கவனிக்கக்கூடியவர் பக்கத்தில் படுப்பவர்தான். மூச்சு தடைப்படுகிறவருக்குத் தூக்க மாத்திரை கொடுப்பது ஆபத்து.

அடுத்த டயாலிசிஸுக்குப் போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், கடையில் தானாக வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கால் எப்போது, எப்படிப் படுத்துகிறது என்பதையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.