புதிய காரில் ஒரே பழுது மூன்று தடவை: மாற்று வாகனம் கேட்டு நான் எழுதிய கடிதம்

எனது இடது கால் செயற்கைக் கால். அதனால்தான் லீசிங்கில் ஒட்டோ கியர் கார் ஒன்றைப் புதிதாக எடுத்தேன். விற்பனைச் சிட்டையில் உள்ள திகதி 2025 மே 12. மூன்றாம் கிழமையே ஏ9 வீதியில் எஞ்சின் சூடாகி நின்றது.

முகவரின் கராஜில் கூலன்ட் நிரப்பித் தந்தார்கள். அடுத்த தடவை தேர்மோஸ்டட்டை மாற்றினார்கள். மூன்றாம் தடவையும் நிரப்பியதோடு சரி. புதிய வாகனத்தில் கூலன்ட் இப்படிக் குறையக்கூடாது. காருக்குக் கீழே ஒரு சொட்டும் இல்லாமல் குறைந்தால், எஞ்சினுக்குள்ளே போகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். நான் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தாங்கியில் மாக்கரால் கோடு போட்டு, கிலோமீற்றர் வாசிப்புடன் தினமும் படம் எடுத்தேன்.

பிறகுதான் ஜொப் கார்ட்டுகளைப் பார்த்தேன். முதலாவதில் 'பொதுப் பரிசோதனை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வாசிக்காமல் கையொப்பம் வைத்தது என் பிழை. பழுது திரும்பத் திரும்ப வந்தது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. மூன்றாம் தடவை, "எஞ்சின் சூடாகிறது, கூலன்ட் குறைகிறது" என்று தமிழில் நானே எழிதிய பின்னரே ஒப்பமிட்டேன்.

உத்தரவாதப் புத்தகம் திருத்தித் தருவதாகத்தான் சொல்கிறது, மாற்றித் தருவதாக அல்ல. இத்தனை தடவை திருத்தியும் சரிவராவிட்டால் புதியது தரவேண்டும் என்று எங்கள் சட்டத்திலும் எண் எதுவும் இல்லை. ஆனால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு, உத்தரவாதத்துக்கு அமையாத பொருளுக்கு நட்டஈடு கொடுக்கவோ, அதை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ உத்தரவிட இடமளிக்கிறது. விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். "இன்னொருக்கா கொண்டு வாங்கோ அண்ணை" என்று கராஜில் சொல்லச் சொல்ல, கரைந்தது அந்த மூன்று மாதம்தான்.

ஜூலை 8 இல் முகவருக்கும் உற்பத்தி நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். கோபத்தை அதில் எழுதவில்லை. செசி இலக்கம், மூன்று திகதிகள், அன்றைய கிலோமீற்றர்கள், என்ன செய்தார்கள் என்பவற்றை வரிசையாக எழுதி, "மூன்று திருத்தத்துக்குப் பின்னும் அதே பழுது நிற்கிறது. 14 நாட்களுக்குள் மாற்று வாகனம் தரவும்" என்று முடித்தேன். காரின் முழு உரிமையாளர் லீசிங் நிறுவனம் என்பதால் அவர்களுக்கும் ஒரு பிரதி போனது. தவணையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் காரை அவர்கள் தூக்கிவிடுவார்கள், வழக்கு வேறு திசைக்குப் போய்விடும்.

கடிதத்துக்குப் பிறகுதான் அழுத்தப் பரிசோதனை செய்தார்கள். ஹெட் கஸ்கட்டில் கசிவாம். எஞ்சினைக் கழற்றித் திருத்தித் தருகிறோம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை, அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். ஓகஸ்ட் 4 இல், எட்டு நாள் மிச்சம் இருக்க, அதிகார சபைக்குத் தமிழிலேயே முறைப்பாடு கொடுத்தேன். விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். மூன்று பரிகாரங்களில் எதைத் தருவது என்பது அவர்கள் முடிவு.