மூன்று நிமிடக் காணொளியும் முப்பது நாள் விதியும்

"வாங்கிய எந்தப் பொருளையும் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். கடைக்காரர் மறுக்கவே முடியாது." நுகர்வோர் உரிமை பற்றிப் பேசும் பலர் உறுதியாகச் சொல்லும் வாசகம் இது. ஒரு கல்லூரியின் குடிமக்கள் நுகர்வோர் மன்ற மாணவர்கள் மூன்று நிமிட விழிப்புணர்வுக் காணொளி ஒன்றுக்கு எழுதி, என்னிடம் பார்க்கக் கொடுத்த வசனத்திலும் இதுதான் முதல் வரி. கேட்பவர் மனதில் சட்டென்று பதியும் வரிதான். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

மாணவர்கள் எடுத்துக்கொண்ட கதை நல்ல கதை. ஒரு பெண் 4,500 ரூபாய்க்கு மிக்ஸி வாங்குகிறார். மூன்றாவது வாரம் மோட்டாரிலிருந்து புகை வந்து நின்றுவிடுகிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், பில்லின் அடியில் அச்சிட்டிருக்கும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டுகிறார் கடைக்காரர். இந்த இடத்தில் சட்டம் அந்தப் பெண்ணின் பக்கம் நிற்கிறது. எப்படி நிற்கிறது என்பதைச் சரியாகச் சொல்வதில்தான் காணொளியின் உயிர் இருக்கிறது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2-வது பிரிவு, (47)-வது உட்பிரிவில் 'நேர்மையற்ற வணிக நடைமுறை' எவை என்று வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பில் தராமல் இருப்பது அதில் ஒன்று. பழுதுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பது இன்னொன்று. பில்லில் கெடு எதுவும் குறித்திருந்தால் அந்தக் கெடுவுக்குள், குறிக்காவிட்டால் 30 நாளுக்குள் என்று அங்கே வருகிறது. எல்லோரும் சொல்லும் 30 நாள் பிறந்த இடம் இதுதான். 'பழுதுள்ள' என்ற ஒரு சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

அந்தச் சொல் உதிர்ந்தால் என்ன ஆகும்? காணொளியைப் பார்த்த ஒருவர், வீட்டுக்கு வந்தபின் நிறம் பிடிக்காமல் போன புடவையோடு கடைக்குப் போய்ச் சண்டை போடுவார். நல்ல நிலையில் இருக்கும் புடவையை மாற்றித் தருவதும் தராததும் கடையின் சொந்த விதியைப் பொறுத்தது. இந்தப் பிரிவு அங்கே உதவாது. பத்துப் பேர் முன்னால் தோற்றுத் திரும்பும் அவர், நாளை மிக்ஸி புகையும்போது தனக்கு உண்மையிலேயே உள்ள உரிமையையும் கேட்காமல் விட்டுவிடுவார். அரைகுறைத் தகவல் செய்யும் பெரிய கெடுதல் இது என்பது என் கருத்து.

மறுபக்கமும் உண்டு. 31-வது நாள் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடவும் கூடாது. பொருளில் பழுது என்ற அடிப்படையில், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். உற்பத்தியாளர் தரும் வாரண்டி தனி. மாணவர்களின் வரியை இப்படி மாற்றினோம்: "பழுதான பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று கடை மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் அச்சிட்ட வரி அதை நியாயப்படுத்தாது." முதல் வரியின் வேகம் கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால் இதைக் கடையில் அப்படியே சொல்லலாம். யாரும் மறுத்துப் பேச முடியாது.

அடுத்து வந்தது, "நுகர்வோர் நீதிமன்றம் கடைக்கு லட்சக்கணக்கில் அபராதம் போடும்" என்ற வரி. பேச்சுவழக்கில் நுகர்வோர் நீதிமன்றம் என்றாலும், மனுவில் எழுத வேண்டிய பெயர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். அபராதம் என்றால் அரசுக்குப் போகும் பணம் என்றுதான் பொருள்படும். புகார்தாரருக்கு ஆணையம் வாங்கித் தரக்கூடியவை வேறு: பழுதை நீக்குவது, புதுப் பொருள், வட்டியோடு விலை, எதிர்தரப்பின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு இழப்பீடு. 4,500 ரூபாய் மிக்ஸிக்கு லட்சம் கிடைக்கும் என்று ஆசை காட்டுவது பார்ப்பவரை ஏமாற்றுவதாகும். மோட்டார் தானாகவே பழுதானதா, ஜாரில் அளவுக்கு மேல் போட்டு அரைத்ததாலா என்று தகராறு வந்தால், ஆணையம் பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். அந்தக் கட்டணத்தை முதலில் கட்ட வேண்டியவர் புகார்தாரர். இதையும் காணொளியில் சேர்த்தோம்.

சட்டப் புத்தகத்தைப் பார்த்தே எழுதினாலும் தவறு வரும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2019 சட்டத்தில், ஒரு கோடி ரூபாய் வரை கொடுத்து வாங்கியவற்றை மாவட்ட ஆணையம் விசாரிக்கலாம் என்று இருக்கும். 2021 டிசம்பர் இறுதியில் வந்த விதிகள் அந்த வரம்பை 50 லட்சமாகக் குறைத்துவிட்டன. சட்டத்தை மட்டும் படித்து விதிகளைப் படிக்காதவர்கள் இன்னும் ஒரு கோடி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கணக்கில் வருவது நாம் கொடுத்த விலை, கேட்கும் இழப்பீடு அல்ல. விலை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ஆகவே மிக்ஸிக்காரப் பெண்ணுக்கு மனுக் கட்டணமே கிடையாது. தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம்.

பொறுப்புத் துறப்பைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம். "எல்லாரும் கடைசியில சின்ன எழுத்துல ஆங்கிலத்துல போடுறாங்களே சார்" என்றார் ஒரு மாணவி. 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளம்பரங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இதற்கு நல்ல அளவுகோல். துறப்பு, விளம்பரம் பேசும் அதே மொழியில் இருக்க வேண்டும்; குரலில் சொல்லப்படும் விஷயத்துக்கான துறப்பு அந்தக் குரலோடு சேர்ந்தே திரையில் வர வேண்டும்; தவறான வாக்கியத்தைத் துறப்பால் திருத்திக்கொள்ள முயலக் கூடாது. விழிப்புணர்வுக் காணொளி விளம்பரம் அல்ல, இந்த நெறிமுறை அதைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் கடைகளுக்கு நாம் உரிமை சொல்லிக்கொடுக்கும்போது, கடைகளிடம் எதிர்பார்க்கும் நேர்மையாவது நம்மிடம் இருக்க வேண்டும்.

அதனால் துறப்பு தொடக்கத்திலேயே வந்தது, தமிழில், வாசித்துக் காட்டும் குரலோடு: "இது பொதுத் தகவல், சட்ட ஆலோசனை அல்ல. இந்தியச் சட்டத்தின்படி, திரையில் உள்ள தேதி வரையிலான நிலை. உங்கள் வழக்கின் விவரத்தைப் பொறுத்து முடிவு மாறலாம்." தேதியை மாணவர்கள் முதலில் சேர்க்கவில்லை. சேர்க்கச் சொன்னதற்குக் காரணம், மேலே சொன்ன ஒரு கோடிதான்.

எங்கே போய்ச் சரிபார்ப்பது என்பதற்குத் திரையில் மூன்று இடங்களைக் காட்டினால் போதும். சட்டத்தின் மூல வாசகத்துக்கு indiacode.nic.in. இணையவழியில் மனுச் செய்ய e-jagriti.gov.in, 2025 ஜனவரி முதல் தேதி தொடங்கப்பட்ட தளம் இது, பழைய காணொளிகள் காட்டும் இ-தாக்கில் முகவரியை அப்படியே நகலெடுக்க வேண்டாம். வழக்குக்கு முந்தைய உதவிக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். முகவரிகள் திரையில் மின்னி மறையாமல், ஒருவர் தாளில் எழுதிக்கொள்ளும் நேரம் நிற்க வேண்டும். கதையில் காட்டும் பில்லில் கடைப் பெயரையும் வாங்கியவரின் தொலைபேசி எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

1915 பற்றி ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கச் சொன்னேன். அங்கிருந்து நிறுவனத்துக்குப் புகார் போகும், பல நேரம் அதிலேயே தீர்வும் கிடைக்கும். ஆனால் கடைக்கு உத்தரவிடும் அதிகாரம் உதவி மையத்துக்கு இல்லை, ஆணையத்துக்குத்தான் உண்டு. உதவி எண்ணில் புகார் பதிவாகியிருக்கிறது என்பதாலேயே அந்த இரண்டு ஆண்டுக் கெடு நீளாது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம். மன்னித்தே ஆக வேண்டும் என்றில்லை. மிக்ஸி நின்ற நாளை அந்தப் பெண் பில்லின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வதுபோல் காணொளியின் கடைசிக் காட்சியைப் படமெடுத்தார்கள்.