முடிக்கு முன் நிழல்

அறுபதாம் கல்யாணப் பத்திரிகைக்கு அப்பாவின் படம் தேவைப்படுகிறது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அவருடைய முன்மண்டை பளபளக்கிறது. “கொஞ்சம் முடி வச்சுக் குடுங்க தம்பி” என்று வீட்டார் ஸ்டுடியோக்காரரிடம் கேட்கிறார்கள்.

அவசரத்தில் பலரும் காதோர முடியை வெட்டி முன்னால் ஒட்டிவிடுவார்கள். அது விக் மாதிரிதான் தெரியும். காதோர முடி அடர்த்தியானது, வேறு திசையில் படிந்தது, அதன்மேல் விழும் வெளிச்சமும் வேறு. போதாததற்கு ஒரே சுருள் இரண்டு இடத்தில் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

வழுக்கையைப் பார்க்கும் கண் முடியை எண்ணுவதில்லை. கருத்த முடிக்கும் வெளுத்த தலைத்தோலுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பார்க்கிறது. அதனால் முடி வரைவதற்கு முன் தோலின் பளபளப்பை அடக்க வேண்டும். போட்டோஷாப்பில் புது லேயர் திறந்து, அதை Multiply-இல் வையுங்கள். சற்றுப் பின்னால், முடி அடர்ந்த இடத்தில், இழைகளுக்கு நடுவே தெரியும் தோலின் நிறத்தை எடுங்கள். அது கறுப்பல்ல, பெரும்பாலும் மங்கிய பழுப்பு. ஓரம் மென்மையான பிரஷை 10 சதவீத அடர்த்தியில் வைத்து, பூச்சின் மேல் பூச்சாக ஏற்றுங்கள். பின்பக்கம் அழுத்தமாகவும், நெற்றியை நெருங்க நெருங்க லேசாகவும் இருக்கட்டும். என் பார்வையில் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

முடியைத் தனி லேயரில் வரையுங்கள். படத்தில் ஒரு முடி இரண்டு பிக்சல் அகலம் என்றால் பிரஷும் அதே அகலம். வேரில் தொடங்கி, நுனி மெலியும்படி பேனாவை மெல்லத் தூக்க வேண்டும். கறுப்பு, பழுப்பு, நரை என்று மூன்று நிறங்களையும் பக்கத்து முடியிலிருந்தே எடுங்கள். அறுபது வயதுக்காரருக்கு நரையே இல்லாமல் வரைந்தால் அந்த இடம் மட்டும் சாயம் பூசியதாகத் தெரியும்.

முன்வரிசையில் முடி ஒற்றை ஒற்றையாக முளைக்கும். பின்னால் போகப்போகத்தான் இரண்டு மூன்றாகச் சேர்ந்து வரும். முடிநடவு செய்யும் மருத்துவர்களும் ஒற்றை முடி வேர்களைத்தான் முன்னால் வைக்கிறார்கள். நீங்களும் முன்வரிசையை மெல்லியதாக, ஒழுங்கற்று, இடைவெளி விட்டு வரையுங்கள். நெற்றிப்பொட்டுக்கு மேலுள்ள உள்வளைவை அடைக்காதீர்கள். சுருக்கம் விழுந்த முகத்துக்கு இருபது வயது நெற்றி பொருந்தாது.

முடிந்ததும் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய பிசகு அப்போது தெரியும். வரைந்த இடம் மட்டும் வழவழவென்று இருந்தால், படத்தில் உள்ள அளவுக்கு அங்கேயும் புள்ளி இரைச்சலைச் சேருங்கள். பிறகு பத்திரிகையில் அச்சாகும் அளவுக்குப் படத்தைச் சுருக்குங்கள். அந்த அளவில் இழைகள் மறைந்து நிழல்தான் மிஞ்சும். தலையில் குல்லா போட்டது மாதிரி இருந்தால் நிழல் லேயரின் அடர்த்தியைக் குறைத்தால் போதும், முடியைத் தொட வேண்டாம். திருத்தாத படத்தையும் தனியே எடுத்து வையுங்கள். அடையாள ஆவணத்துக்குப் படம் கேட்டால் அதைத்தான் கொடுக்க வேண்டும்.