பொங்கலும் ஒரு வெறும் மடலும்

முன்னாள் மாணவர் நூற்றைம்பது பேருக்குக் கரும்பும் பானையும் வரைந்த பொங்கல் வாழ்த்தை மின்னஞ்சலில் அனுப்பினேன். பலருக்கு ஒருசேர அனுப்ப அத்தகைய வடிவமைப்பு ஏற்றதே. ஆனால் வாழ்த்தைப் படத்துக்குள் மட்டும் எழுதக் கூடாது. அவுட்லுக் போன்ற செயலிகள் படத்தைத் தடுத்தால் வெற்றுக் கட்டமே தெரியும்.

என் பிழை வேறு. பட்டியலில் ஒருவர் கார்த்திகையில் தந்தையை இழந்தவர். துக்க வீட்டில் அவ்வாண்டு பண்டிகை இல்லை. அவருக்குப் படமற்ற தனிமடலே உரியது. அதில் ‘இனிய’, ‘பொங்கட்டும்’, ‘குடும்பத்தாருடன்’ என்பவை கூடா. தலைப்பிலும் வாழ்த்து வேண்டாம், ‘நலமா, தம்பி?’ போதும்.

மறுநாள் எழுதினேன்: “தம்பி, நேற்றைய மடலைப் பொறுத்தருள்க. அப்பா இல்லாத முதல் தை. அம்மா எப்படி இருக்கிறார்? அடுத்த வாரம் வீட்டுக்கு வரலாமா?”

“வாருங்கள் ஐயா” என்று அன்றே பதில் வந்தது.