பாதி தெரியும் பட்டியலிலிருந்து முழுக் கணக்கு

கால்பந்து லீக்கின் புள்ளிப் பட்டியலில் ஒரு அணிக்கு ஒரு வரி. அதில் ஆடிய ஆட்டங்கள், வெற்றி, டிரா, தோல்வி, அடித்த கோல், வாங்கிய கோல், கோல் வித்தியாசம், புள்ளி என்று எட்டு எண்கள் வரிசையாக நிற்கும். பழைய புத்தகத்தின் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்தால் இந்த எட்டும் முழுதாகக் கிடைப்பது அரிது. வலது ஓரம் தையலுக்குள் மடிந்துபோயிருக்கும், அல்லது பக்கத்தைப் பிடித்த கட்டைவிரல் ஒரு பத்தியை மறைத்திருக்கும். ஆனாலும் இந்த எட்டு எண்களும் தனித்தனியானவை அல்ல. மூன்று உறவுகள் அவற்றைப் பிணைக்கின்றன:

```
ஆட்டம் = வெற்றி + டிரா + தோல்வி
புள்ளி = 3 × வெற்றி + டிரா
கோல் வித்தியாசம் = அடித்தது − வாங்கியது
```

இங்கிலாந்தின் 1988-89 முதல் டிவிஷன் இதற்கு நல்ல பாடம். இருபது அணிகள், அணிக்கு 38 ஆட்டங்கள். கடைசிப் பட்டியலில் வலப்பக்கம் அறுந்துபோய், முதல் இரண்டு அணிகளின் வரி இப்படித் தெரிவதாகக் கொள்ளலாம்: ஆர்சனல் 22 வெற்றி, 10 டிரா, 6 தோல்வி, அடித்தது 73, வாங்கியது 36. லிவர்பூல் 22, 10, 6, அடித்தது 65, வாங்கியது 28. இருவருக்கும் வெற்றிக்கு 66, டிராவுக்கு 10, ஆக 76 புள்ளி. கோல் வித்தியாசம் ஆர்சனலுக்கு 73-லிருந்து 36 போக 37. லிவர்பூலுக்கு 65-லிருந்து 28 போக அதே 37. இழந்த இரண்டு பத்திகளும் ஒரு நிமிடத்தில் திரும்பிவிட்டன.

அறுந்தது இடப்பக்கமாக இருந்தால் கதை வேறு. ஆட்டம் 38, புள்ளி 76 என்பது மட்டும் தெரிகிறது, நடுவிலுள்ள மூன்று பத்திகளும் இல்லை. 19 வெற்றி, 19 டிரா, தோல்வியே இல்லை என்றாலும் 76 வரும். 25 வெற்றி, 1 டிரா, 12 தோல்வி என்றாலும் 76தான். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு வெற்றி எண்ணுக்கும் ஒரு விடை உண்டு. மொத்தம் ஏழு விடைகள், ஏழும் கணக்கில் சரி. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது ஊகம் மட்டுமே. மூன்றில் ஒரே ஒரு எண் தெரிந்தால் போதும், மற்ற இரண்டும் தாமாக விழும். டிரா 10 என்றால் 76-இல் 10 போக 66, அதை மூன்றால் வகுத்தால் 22 வெற்றி, மிச்சம் 6 தோல்வி.

மங்கலான படத்தில் 10 என்பது 16 போலத் தெரிந்தால்? 76-இல் 16 போக 60, வெற்றி 20, தோல்வி 2. கூட்டினால் 38. எந்த முரணும் இல்லாமல் தவறான விடை வந்து நிற்கிறது. அதனால்தான் தெரியாத எண்ணைக் கண்டுபிடிக்கத் தேவையானதைவிட ஒரு எண் கூடுதலாகத் தெரிந்தால்தான் நிம்மதி. தோல்விப் பத்தியில் 6 என்று தெரிந்தால் அந்த 16 உடனே பிடிபட்டுவிடும்.

வரிக்குள் பிடிபடாத பிழையைப் பத்தியின் கூட்டல் பிடிக்கும். ஓர் அணி அடிக்கும் ஒவ்வொரு கோலும் இன்னோர் அணி வாங்கும் கோல். ஆகவே எல்லா அணிகளும் படத்தில் இருந்தால், அடித்த கோல் பத்தியின் கூட்டுத்தொகையும் வாங்கிய கோல் பத்தியின் கூட்டுத்தொகையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கோல் வித்தியாசப் பத்தியைக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். மைனஸ் குறி படத்தில் மறைந்திருந்தால் இங்கே தெரிந்துவிடும். மொத்த வெற்றியும் மொத்தத் தோல்வியும் சமம். ஒவ்வொரு டிராவும் இரண்டு வரிகளில் ஏறுவதால் டிராவின் மொத்தம் இரட்டைப்படை எண்ணாக இருக்கும்.

கூட்டுத்தொகைகள் பொருந்தாதபோது, எவ்வளவு பொருந்தவில்லை என்பதே துப்பு. லிவர்பூல் வாங்கிய 28 கோலை 23 என்று வாசித்துவிட்டால், வாங்கிய கோலின் மொத்தம் 5 குறையும். ஐந்து குறைந்தால் முதலில் தேட வேண்டியது 3 என்று வாசித்த இடங்களை: அவற்றில் ஒன்று 8 ஆக இருக்கும். ஆறு வித்தியாசம் வந்தால் 1-க்கும் 7-க்கும் இடையிலான குழப்பத்தைச் சந்தேகிக்கலாம். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டால் மட்டும் இந்தச் சோதனை ஏமாறும்.

இனி, கணக்கு சரியாக இருந்தும் விடை தவறும் இடங்கள் உண்டு. முதலாவது, விதி எந்த ஆண்டுக்குரியது என்பது. இங்கிலாந்தில் வெற்றிக்கு மூன்று புள்ளி என்பது 1981-82-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பட்டியலில் வெற்றியை இரண்டால்தான் பெருக்க வேண்டும். இரண்டாவது, புள்ளிக் குறைப்பு. 2009-10-இல் போர்ட்ஸ்மவுத் 7 வெற்றி, 7 டிரா, 24 தோல்வி கண்டது. கணக்குப்படி 28 புள்ளி. நிதி நெருக்கடியில் நிர்வாகியின் பொறுப்புக்குப் போனதற்காக 9 புள்ளி வெட்டப்பட்டு, பட்டியலில் நின்றது 19. இந்தக் குறிப்பு இருந்த அடிவரி படத்தில் அறுந்திருந்தால், 19-இல் 7 டிரா போக 12, ஆகவே 4 வெற்றி என்று சுத்தமாக ஒரு பொய் விடை வரும். வெட்டிய 9 மூன்றால் வகுபடுவதால் மிச்சம் எதுவும் எச்சரிக்காது. 4, 7, 24 என்று கூட்டி, 38-க்கு 3 குறைகிறது என்று கண்டால்தான் தவறு தெரியும். 2023-24-இல் நிதி விதிமீறலுக்காக 8 புள்ளி இழந்த எவர்ட்டனின் வரி இதற்கு நேர்மாறு. புள்ளி 40, டிரா 9. மீதி 31 மூன்றால் வகுபடாது. பார்த்தவுடன் ஏதோ இடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

கடைசியாகத் தரவரிசை. ஆர்சனலும் லிவர்பூலும் 76 புள்ளி, 37 வித்தியாசம் என்று நிற்கும்போது, கோல் பத்திகள் இரண்டும் மறைந்த படத்தைக் கொண்டு சாம்பியன் யார் என்று சொல்லவே முடியாது. அன்றைய விதிப்படி அடுத்து பார்த்தது யார் அதிகக் கோல் அடித்தார்கள் என்பதை. 73 அடித்த ஆர்சனல் பட்டம் வென்றது. கடைசி ஆட்டத்துக்கு முன் லிவர்பூல் மூன்று புள்ளியும் நான்கு கோல் வித்தியாசமும் முன்னால் இருந்தது. 1989 மே 26 அன்று ஆன்ஃபீல்டில் ஆர்சனல் 2-0 என்று வென்றபோது, அந்த ஒரே ஆட்டம் ஆர்சனலுக்கு இரண்டைக் கூட்டி லிவர்பூலுக்கு இரண்டைக் குறைத்து, இருவரையும் 37-இல் கொண்டுவந்து நிறுத்தியது. இரண்டாவது கோலை மைக்கேல் தாமஸ் அடித்தது கூடுதல் நேரத்தில். 1976-77-இல் கைவிடப்பட்ட பழைய முறை அடித்த கோலை வாங்கிய கோலால் வகுப்பது. அது தொடர்ந்திருந்தால் லிவர்பூலுக்கு 2.32, ஆர்சனலுக்கு 2.03 வந்து, அதே எண்களில் பட்டம் லிவர்பூலுக்குப் போயிருக்கும்.

ஸ்பெயினின் லா லிகாவில் பட்டியல் முழுதாகக் கிடைத்தாலும் போதாது. அங்கே புள்ளி சமமானால் முதலில் பார்ப்பது இரு அணிகளும் தங்களுக்குள் மோதிய ஆட்டங்களை. 2006-07-இல் ரியல் மாட்ரிட், பார்சலோனா இரண்டுக்கும் 76 புள்ளி. கோல் வித்தியாசம் பார்சலோனாவுக்கு 45, மாட்ரிட்டுக்கு 26. நேருக்கு நேர் ஆடிய இரண்டு ஆட்டங்களில் ஒன்றை மாட்ரிட் 2-0 என்று வென்றது, மற்றது 3-3 டிரா. கோப்பை மாட்ரிட்டுக்குப் போனது.