சிகிச்சைக்குத் திரட்டும் பணம்: வரவு செலவுக் குறிப்பும் மீதிக் கணக்கும்

ஒருவரின் சிகிச்சைக்காகப் பொதுமக்களிடம் பணம் கேட்கும்போது, வேண்டுகோளுடன் ஒரு பக்க வரவு செலவுக் குறிப்பும் இணைந்திருக்க வேண்டும். எவ்வளவு தேவை, அந்தத் தொகை எப்படி வந்தது, குடும்பமும் காப்பீடும் எவ்வளவு தாங்குகின்றன, பணம் யார் கையில் இருக்கும், மிஞ்சினால் எங்கே போகும் என்ற ஐந்து கேள்விகளுக்கும் அந்தப் பக்கத்திலேயே விடை இருக்க வேண்டும். முதல் நான்கையும் பெரும்பாலான வேண்டுகோள்கள் ஓரளவு தொடுகின்றன. ஐந்தாவது கேள்வியைத்தான் கிட்டத்தட்ட எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பின்னாளில் சண்டையும் சந்தேகமும் கிளம்புவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

குறிப்பு எப்படி உருவாகிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கின் வழியே பார்க்கலாம். மதுரைப் பக்கம் ஒரு சிற்றூரில் தனியார் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. தாய் ஒரு சிறுநீரகம் தர முன்வந்திருக்கிறார். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டுவதால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர முடியவில்லை. தனியார் காப்பீடு ஒன்று 2,00,000 ரூபாய்க்கு உண்டு.

முதல் வேலை, மருத்துவமனையிடமிருந்து கையெழுத்தும் முத்திரையும் தேதியும் உள்ள உத்தேசச் செலவுக் கடிதம் வாங்குவது. "பத்து லட்சம் ஆகும்" என்று வாய்மொழியாகச் சொன்னதை வைத்துக் குறிப்பு எழுதக் கூடாது. இந்தக் கடிதம் பெரும்பாலும் அறுவை சிகிச்சையையும் அதை ஒட்டிய மருத்துவமனை நாட்களையும் மட்டுமே கணக்கில் கொள்ளும். அதற்கு முந்தைய பரிசோதனைகளும் வீடு திரும்பிய பிறகான மருந்துகளும் அதில் இருக்காது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் மருந்துகளை நோயாளி தொடர்ந்து சாப்பிட வேண்டும். அந்தச் செலவைக் குறிப்பில் விட்டுவிட்டால், அறுவை சிகிச்சை முடிந்த சில மாதங்களில் குடும்பம் மறுபடியும் கையேந்தி நிற்க நேரும். அதனால் மாதிரிக் குறிப்பு இப்படி அமைகிறது:

- தாய், மகன் இருவருக்குமான பரிசோதனைகள்: 80,000
- இருவருக்குமான அறுவை சிகிச்சை, மருத்துவமனைத் தங்கல் (கடிதப்படி): 7,00,000
- முதல் ஆறு மாத மருந்து, மாதம் 15,000 வீதம்: 90,000
- ஆறு மாதத் தொடர் பரிசோதனை, மருத்துவமனை அருகே மூன்று மாத வாடகை அறை: 60,000
- எதிர்பாராச் செலவு, மேற்கண்ட 9,30,000 ரூபாயில் பத்து சதவீதம்: 93,000
- மொத்தம்: 10,23,000
- கழிக்க: காப்பீடு 2,00,000, குடும்பத்தின் பங்கு 1,50,000
- பொதுமக்களிடம் கேட்கும் தொகை: 6,73,000

இந்தப் பட்டியலில் இரண்டு இடங்கள் கவனத்துக்குரியவை. ஒன்று, எதிர்பாராச் செலவு தனி வரியாக நிற்கிறது. மற்ற வரிகளை ஆளுக்குக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கி அதை உள்ளே மறைத்தால், பிறகு உண்மையான ரசீதுடன் ஒப்பிடும்போது ஒவ்வொரு வரியும் பொய்யாகத் தெரியும். மற்றொன்று, தாயின் பரிசோதனையும் அறுவை சிகிச்சையும் இருக்கின்றன, ஆனால் சிறுநீரகத்துக்கு விலை என்று எதுவும் இல்லை. 1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்புக்குப் பணம் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்குகிறது. கொடையாளிக்கு ஏற்படும் செலவையும் வருமான இழப்பையும் ஈடுசெய்வதை மட்டும் அது விலையாகக் கருதுவதில்லை. "கொடையாளிக்கு ஐந்து லட்சம்" என்று எழுதிய வேண்டுகோளைக் கண்டால், அது மோசடியாகவோ சட்டமீறலாகவோதான் இருக்க முடியும்.

அடுத்து, பணம் எங்கே சேரும் என்பது. நோயாளியின் சம்பளமும் வீட்டுச் செலவும் புழங்கும் கணக்கில் நன்கொடை விழுந்தால், பின்னர் யாராலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. இதற்கென்றே ஒரு தனிக் கணக்கு தொடங்கி, குடும்பத்தில் ஒருவரும் வெளியாள் ஒருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வைப்பது நல்ல ஏற்பாடு. பெருந்தொகைகளை நேரே மருத்துவமனைக் கணக்கில் நோயாளியின் பதிவு எண்ணுக்குக் கட்டச் சொல்வது அதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் அங்கும் ஒரு கண்ணி உண்டு. கட்டிய முன்பணத்தில் மீதி இருந்தால், டிஸ்சார்ஜ் ஆகும்போது மருத்துவமனை அதை நோயாளியின் குடும்பத்துக்குத் திருப்பித் தரும். காப்பீட்டு நிறுவனமும் சில சமயம் மாதங்கள் கழித்துத்தான் பணம் அனுப்பும். இந்த இரண்டும் நிதிக் கணக்குக்கே திரும்பி வரும் என்று குறிப்பில் எழுதாவிட்டால், ஒரே செலவுக்கு இருமுறை பணம் பெற்றதாக ஆகிவிடும்.

வரி பற்றியும் ஒரு வரி தேவை. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் ஒருவர் பெறும் பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், வருமான வரிச் சட்டம் அதை முழுவதுமாக அவருடைய வருமானமாகக் கருதுகிறது. கோவிட் சிகிச்சைக்காகப் பெற்ற உதவிக்கு 2022-இல் விலக்கு அளித்தார்கள். மற்ற நோய்களுக்கு அந்த விலக்கு இல்லை. பதிவுபெற்ற அறக்கட்டளை வழியாக வரும் உதவிக்கு விலக்கு உண்டு. தனி மனிதரின் கணக்குக்கு அனுப்பும் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்காது என்பதையும் அவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். பெரிய தொகை திரட்டுவதாக இருந்தால், தொடங்குவதற்கு முன்பே ஒரு தணிக்கையாளரைப் பார்ப்பது நல்லது.

இனி மீதிப் பணம். அது மூன்று வழிகளில் உண்டாகிறது: கேட்டதைவிட அதிகம் வரலாம், செலவு குறையலாம், சிகிச்சை முடிவதற்கு முன்பே நோயாளி இறந்துபோகலாம். 2021-இல் கேரளத்தில் ஒரு குழந்தையின் அரிய தசைநலிவு நோய் மருந்துக்காக 18 கோடி ரூபாய் கேட்டபோது, சில நாட்களிலேயே 46 கோடிக்கு மேல் குவிந்தது. வாட்ஸ்அப்பில் பரவும் வேண்டுகோளை இலக்கு எட்டிய கணமே நிறுத்த முடியாது என்பதற்கு அது பெரிய சான்று. சிறிய நிதிகளிலும் இதுவே சிறிய அளவில் நடக்கிறது.

மீதி யாருக்குச் சொந்தம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்றால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் 1900-இல் தீர்ப்பான ஆபட் நிதி வழக்கு இதற்குப் பழைய உதாரணம். செவித்திறனும் பேச்சும் இல்லாத இரண்டு பெண்களைப் பராமரிக்க நண்பர்கள் பணம் திரட்டினார்கள். இருவரும் இறந்த பிறகு கொஞ்சம் மிஞ்சியது. மிஞ்சினால் என்ன செய்வது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பணம் கொடுத்தவர்களுக்கே அது திரும்ப வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. இந்திய அறக்கட்டளைச் சட்டம், 1882, 83-ஆம் பிரிவும் இதே திசையில்தான் செல்கிறது. ஒரு நோக்கத்துக்காக ஒப்படைத்த சொத்து அந்த நோக்கம் நிறைவேறிய பின்னும் மிஞ்சினால், வேறு உத்தரவு இல்லாதபோது, அது ஒப்படைத்தவருக்கோ அவர் வாரிசுக்கோ உரியது என்கிறது. ஆனால் ஆயிரம் பேர் ஐம்பதும் நூறுமாக அனுப்பிய பணத்தை, உண்டியலில் பெயர் தெரியாமல் விழுந்ததை, யாரிடம் திருப்பிக் கொடுப்பது? ஆகவே "வேறு உத்தரவு" என்பதை வேண்டுகோளிலேயே எழுதிவிடுவதுதான் வழி.

அதையும் தெளிவாக எழுத வேண்டும். 1951 டிசம்பரில் இங்கிலாந்தின் கில்லிங்ஹம் நகரில் ஒரு பேருந்து மோதி 24 சிறுவர் பயிற்சிப் படையினர் இறந்தார்கள். அந்த வட்டார மேயர்கள் நாளிதழில் வேண்டுகோள் விடுத்தார்கள். ஈமச்சடங்குக்கும் காயமடைந்தவர்களின் பராமரிப்புக்கும் போக எஞ்சியது, இறந்தவர்கள் நினைவாக மேயர்கள் தீர்மானிக்கும் தகுந்த நற்காரியங்களுக்குச் செல்லும் என்றும் எழுதியிருந்தார்கள். சுமார் 9,000 பவுண்டு சேர்ந்தது, பெரும்பகுதி மிஞ்சியது. "தகுந்த நற்காரியங்கள்" என்பது எதையும் குறிக்கலாம், ஆகவே அந்த வாசகம் செல்லாது என்று 1958-இல் நீதிமன்றம் முடிவு செய்தது. பெயர் தெரியாதவர்கள் உட்பட நன்கொடையாளர்களுக்கே பணம் உரியது என்றது. "மீதித் தொகை சமூகப் பணிகளுக்குப் பயன்படுத்தப்படும்" என்று நம்மூர் வேண்டுகோள்களில் வரும் வாசகத்திலும் அதே ஓட்டை இருக்கிறது.

ஆசிரியரின் குறிப்பில் மீதிக்கான பத்தியை இப்படி எழுதலாம்:

"ஆறு மாதக் கணக்கு முடித்தபின் மீதி இருந்தால், முதலில் நோயாளியின் அடுத்த பன்னிரண்டு மாத மருந்துச் செலவு அதிலிருந்து எடுக்கப்படும். அதற்கும் மேல் மிஞ்சுவது, இதே மருத்துவமனையில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெறும் வேறொரு நோயாளியின் கணக்கில், மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவு வழியாக நேரடியாகச் செலுத்தப்படும். சிகிச்சைக்கு முன்போ நடுவிலோ நோயாளி இறந்தால், மருத்துவமனைப் பாக்கியைக் கட்டியபின் எஞ்சும் முழுத் தொகையும் அவ்வாறே செலுத்தப்படும். ஆயிரம் ரூபாய்க்கு மேல் அனுப்பியவர்கள் முப்பது நாளுக்குள் கேட்டால், மீதியில் அவர்களுக்குரிய விகிதம் திருப்பித் தரப்படும்."

இதில் நோக்கம், வரிசை, பெறுபவர், வழி, கால எல்லை எல்லாம் வந்துவிடுகின்றன. மரணத்தைப் பற்றி எழுதக் குடும்பத்தாருக்கு மனம் வராது. அந்த வாசகத்தைக் கையெழுத்திடும் வெளியாள் எழுதிக்கொடுப்பது நலம்.

மாதிரிக் கணக்கு எப்படி முடிந்தது என்று பார்ப்போம். நிறுத்தச் சொன்ன பிறகும் பணம் வந்துகொண்டிருந்ததால் நன்கொடை 8,10,000 ஆனது. காப்பீட்டையும் குடும்பப் பங்கையும் சேர்த்து வரவு 11,60,000. செலவு: பரிசோதனை 76,000, அறுவை சிகிச்சை 6,60,000, மருந்து 97,000, தொடர் பரிசோதனையும் வாடகையும் 55,000, நோய்த்தொற்றால் மறுபடி சேர்த்ததற்கு 40,000, ஆக 9,28,000. மீதி 2,32,000. மருந்து இப்போது மாதம் 12,000 என்பதால் பன்னிரண்டு மாதத்துக்கு 1,44,000 ஒதுக்கப்படுகிறது. யாரும் திரும்பக் கேட்காததால் எஞ்சிய 88,000 ரூபாய் அடுத்த நோயாளியின் கணக்குக்குப் போகிறது. மதிப்பீடு, உண்மைச் செலவு, வித்தியாசத்துக்குக் காரணம் என மூன்று நிரல்களில் இதை அச்சிட்டு, வேண்டுகோள் போன அதே குழுக்களுக்கு அனுப்ப வேண்டும். மருத்துவ அறிக்கைகளையும் ஆதார் எண்ணையும் பொதுவில் போடத் தேவையில்லை. ரசீதுகளைக் கேட்பவர்கள் நேரில் வந்து பார்க்கும்படி வைத்தால் போதும்.

பணம் அனுப்ப நினைப்பவர் சில அடையாளங்களைத் தேட வேண்டும். வேண்டுகோளில் தேதியும் முடிவு நாளும் உள்ளனவா என்பது முதலாவது. தேதியில்லாத க்யூஆர் குறியீடு, நோயாளி இறந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். வேறொருவரின் குறியீட்டை ஒட்டி அதே படத்தை அனுப்புகிறவர்களும் உண்டு. பணம் கட்டும் முன் திரையில் தோன்றும் பெயர், குறிப்பில் உள்ள கணக்குப் பெயருடன் பொருந்த வேண்டும். மருத்துவமனையின் பொது எண்ணைத் தானே தேடி எடுத்து அழைத்து, பதிவு எண்ணைச் சொல்லி, கடிதம் அவர்கள் கொடுத்ததுதானா என்று கேட்கலாம். கடைசியாக, மிஞ்சினால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். எழுத்தில் பதில் கொடுப்பவருக்குத் தயங்காமல் கொடுங்கள். பதில் இல்லையென்றால், அதை எழுதச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.